பதினைந்து பேர் ‘நல்ல ஐடியா’ என்றால் அது சான்றாகுமா? வாடிக்கையாளர் பேட்டி: ஒரு வேலூர் உதாரணம்

மாவட்டத் தொழில் மையத்துக்கோ வங்கிக்கோ போகும் திட்ட அறிக்கையைப் புரட்டிப் பாருங்கள். இயந்திரத்துக்கு கொட்டேஷன் இணைத்திருப்பார்கள், இடத்துக்கு வாடகை ஒப்பந்தம் இருக்கும், மூன்று வருடக் கணக்கும் போட்டிருப்பார்கள். ஆனால் இந்தத் தொழில் எந்தப் பிரச்சினையைத் தீர்க்கப் போகிறது என்ற பகுதி மட்டும் இரண்டு வரியில் முடிந்துவிடும், அதற்கு ஒரு ஆதாரமும் இருக்காது. எழுதியவருக்கு அது கண்ணுக்குத் தெரிந்த விஷயம். படிப்பவருக்கு அது வெறும் வாக்கியம்.

அந்த இரண்டு வரிக்கு ஆதாரம் சேர்க்க, செலவு குறைந்த வழி வாடிக்கையாளர் பேட்டிதான். எப்படிச் செய்வது என்பதை ஒரு கற்பனைத் திட்டத்தை வைத்துப் பார்ப்போம். இதில் வரும் ஆட்களும் எண்களும் விளக்கத்துக்காக மட்டுமே, ஊர் உண்மையானது.

1900ல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனைதான் இன்றைய வேலூர் சிஎம்சி. மேற்கு வங்கம், அசாம், திரிபுரா, ஜார்க்கண்ட், வங்கதேசம் என்று பல இடங்களிலிருந்து குடும்பங்கள் காட்பாடியில் ரயில் இறங்கி வருகின்றன. காந்தி ரோடு, பாபு ராவ் தெருப் பக்கம் போனால் கடைப் பலகைகளிலேயே வங்காள எழுத்து இருக்கும். சிகிச்சை வாரக்கணக்கில் நீளும்போது இவர்கள் அக்கம்பக்கத்து லாட்ஜ்களில் தங்குகிறார்கள். இதைப் பார்த்த இரண்டு நண்பர்கள், லாட்ஜ் அறைக்கே சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் தொழிலுக்குத் திட்டம் போடுகிறார்கள். அறிக்கையில் அவர்கள் எழுதிய வரி இது: “சிகிச்சைக்கு வரும் வெளிமாநிலக் குடும்பங்கள், தங்கள் ஊர்ச் சாப்பாடு கிடைக்காமல் மிகவும் சிரமப்படுகின்றன.”

படித்தால் யாரும் மறுக்கமாட்டார்கள். சிக்கலே அதில்தான் இருக்கிறது. எந்தத் தகவல் வந்தாலும் பொய் என்று சொல்லமுடியாத வாக்கியத்தை, எந்தத் தகவலாலும் உண்மை என்றும் காட்டமுடியாது. ‘சிரமப்படுகின்றன’ என்றால் எவ்வளவு? எந்தக் குடும்பங்கள்? இரண்டு நாள் செக்கப்புக்கு வந்து திரும்புபவர்களா, ஒரு மாதம் தங்குபவர்களா?

பேட்டிக்குக் கிளம்பும் முன் இந்த வரியை, தவறு என்று தெரியவரக்கூடிய விதத்தில் மாற்றி எழுத வேண்டும். உதாரணத்துக்கு இப்படி: “ஒரு வாரத்துக்கு மேல் லாட்ஜில் தங்கியிருக்கும் வெளிமாநிலக் குடும்பத்துக்கு, தங்கள் ஊர்ச் சாப்பாடு கிடைக்காததால், கடந்த 7 நாட்களில் குறைந்தது இரண்டு வேளை சாப்பாடு தவறியிருக்கும், அல்லது அதற்காகத் தனிச் செலவோ அலைச்சலோ ஆகியிருக்கும்.” இதில் யார், எப்போது, என்ன நடந்தது, என்ன இழப்பு என்று நான்கும் இருக்கின்றன. இதோடு ஒரு எண்ணையும் முன்கூட்டியே எழுதித் தேதி போட்டுவிடுங்கள்: 15 குடும்பங்களில் 8க்குக் குறைவாக இப்படி நடந்திருந்தால் இந்த வரியைக் கைவிடுகிறோம். 8 என்பது சாஸ்திரம் இல்லை, நீங்களே வைக்கும் அளவுகோல்தான். பேட்டிகள் முடிந்தபிறகு அளவுகோல் வைத்தால், வந்த எண் எதுவானாலும் அது போதும் என்றே மனசு சொல்லும்.

15 என்பதும் ஏறக்குறையத்தான். ஒரே வகைப்பட்ட ஆட்களிடம் பேசும்போது, பத்துப் பன்னிரண்டு பேருக்குப் பிறகு சொன்ன விஷயமே திரும்ப வரத் தொடங்கும். கடைசி மூன்று நான்கு பேரிடம் புதிதாக எதுவும் வரவில்லை என்றால் நிறுத்தலாம். வகை கலந்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. ஐந்து வகையில் மும்மூன்று பேரிடம் பேசிவிட்டு 15 பேட்டி முடித்துவிட்டோம் என்பது ஏமாற்றிக்கொள்வதுதான்.

யாரிடம், எங்கே

நண்பர்கள், உறவினர்கள், வேலூரிலேயே குடியிருப்பவர்கள் யாரும் இங்கே வாடிக்கையாளர் இல்லை. லாட்ஜ் மேனேஜரும் மெஸ் நடத்துபவரும் நிறையத் தெரிந்தவர்கள், அவர்களிடம் அவசியம் பேச வேண்டும். ஆனால் அவர்கள் சொல்வதை எண்ணிக்கையில் சேர்க்கக்கூடாது. அவர்கள் சொல்வது மற்றவர்களைப் பற்றி, அதுவும் தங்கள் தொழில் கோணத்திலிருந்து.

ஆட்களைச் சேர்க்கும் இடமே பதிலை மாற்றிவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சமையல் வசதி இருக்கிற லாட்ஜில் மட்டும் பேசினால், சமைக்கும் எண்ணத்தோடு அந்த லாட்ஜைத் தேடிப் பிடித்தவர்கள்தான் கிடைப்பார்கள். அவர்களுக்குச் சாப்பாட்டுப் பிரச்சினை குறைவாகத் தெரியும். வங்காளிச் சாப்பாடு போடும் மெஸ் வாசலில் பேசினால், பிரச்சினைக்கு ஏற்கெனவே வழி கண்டுபிடித்தவர்கள் கிடைப்பார்கள். மேனேஜரே ஆள் காட்டினால் நன்றாகப் பேசுகிற, குறை சொல்லாத விருந்தினரைத்தான் காட்டுவார். அதனால் சமையல் வசதி உள்ள லாட்ஜ் பாதி, இல்லாதது பாதி என்று பிரித்து, அனுமதி கேட்டுக்கொண்டு, வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர்களிடம் வரிசையாகக் கேட்பது நல்லது. மாலை 5 மணிக்குமேல் ஓரளவு ஓய்வாக இருப்பார்கள்.

மருத்துவமனை வரிசையில் நிற்பவர்களிடம் போய் நிற்காதீர்கள். அனுமதியும் கிடையாது, அந்த நேரத்தில் அவர்கள் மனசும் வேறெங்கோ இருக்கும். நோய் என்ன என்று நீங்களாகக் கேட்கவேண்டாம், பெயரும் எழுதவேண்டாம். கு1, கு2 என்று எண் போட்டுக்கொண்டால் போதும்.

மொழி இன்னொரு பெரிய ஓட்டை. வங்காளமோ இந்தியோ தெரிந்த ஒருவரை உடன் அழைத்துப்போகும்போது, அந்த அம்மா இரண்டு நிமிடம் பேசுவார், மொழிபெயர்ப்பவர் நம்மிடம் “சாப்பாடு பிரச்சினையாம்” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். அந்த இரண்டு நிமிடத்தில்தான் சான்று இருந்தது. மொழிபெயர்ப்பவரிடம் இரண்டு விஷயங்களை முன்பே சொல்லிவிட வேண்டும். அவர் ‘நான்’ என்றால் நீங்களும் ‘நான்’ என்றே சொல்லுங்கள், சுருக்காதீர்கள். நாங்கள் என்ன தொழில் தொடங்கப்போகிறோம் என்பதை எக்காரணம் கொண்டும் சொல்லாதீர்கள். இரண்டாவது முக்கியம். நம் திட்டம் தெரிந்துவிட்டால் எதிரே இருப்பவர் மரியாதைக்காக அதை ஆதரித்துப் பேச ஆரம்பித்துவிடுவார். ஊர் விட்டு ஊர் வந்து, மேனேஜர் அழைத்து வந்த ஆட்களிடம் யார்தான் “இது வேண்டாத வேலை தம்பி” என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள்?

கேள்வி எப்படி இருக்க வேண்டும்

“இங்கே உங்க ஊர்ச் சாப்பாடு கிடைக்காம கஷ்டமா இருக்கா?” என்று கேட்டால் ‘ஆமாம்’ வரும். “ரூமுக்கே கொண்டுவந்து கொடுத்தா வாங்குவீங்களா?” என்றாலும் ‘வாங்குவோமே’ என்பார்கள். முதல் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. இரண்டாவது, யாருக்கும் செலவில்லாத ஒரு எதிர்கால வாக்குறுதியைக் கேட்கிறது. இரண்டுமே சான்றாகாது.

நடந்து முடிந்ததை, தேதியோடு கேட்க வேண்டும். அப்படி ஒரு பேட்டியின் நடுப்பகுதி இது. எதிரே இருப்பவர் மால்டா பக்கத்திலிருந்து கணவரோடு வந்திருக்கும் பெண்.

“நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?”

“சோறு, பருப்பு, சுரைக்காய்.”

“எங்க வாங்கினீங்க?”

“வாங்கல. ரூம்லயே சமைச்சேன். கடுகு எண்ணெய் பக்கத்துக் கடையிலயே கிடைக்குது.”

“நேத்து மத்தியானம்?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. இங்கே நாம் வாய் திறக்கக்கூடாது.

“மத்தியானம் பிஸ்கட்தான். ரத்தம் எடுக்கக் காலையில ஏழு மணிக்கே போயிட்டோம். ஸ்கேன் முடிய மூணு மணி ஆயிடுச்சு. கூட நான் ஒருத்திதான். நான் அவரோட நின்னா யாரு சமைப்பா?”

“வெளியில வாங்கலியா?”

“அவருக்கு உப்பு கம்மியா இருக்கணும். ஹோட்டல்ல கேட்டேன், தனியா செய்யமுடியாதுன்னுட்டாங்க.”

“இதுக்கு முன்னாடி டெஸ்ட் இருந்த நாள்ல என்ன பண்ணீங்க?”

“திங்கக்கிழமை பக்கத்து ரூம் அக்காகிட்ட நூறு ரூபா கொடுத்து, சேர்த்து சமைக்கச் சொன்னேன். அவங்க நேத்து ஊருக்குப் போயிட்டாங்க.”

நண்பர்கள் எழுதிய வரி இந்த ஒரு பேட்டியிலேயே ஆட்டம் காண்கிறது. ஊர்ச் சாப்பாடு இவருக்குக் கிடைக்கிறது, எண்ணெய்கூடக் கிடைக்கிறது. கிடைக்காதது வேறு: பரிசோதனை நாளில், துணைக்கு ஒருவர் மட்டுமே வந்திருக்கும்போது, நோயாளிக்கு ஏற்ற மதியச் சாப்பாடு. “ஊர்ச் சாப்பாடு கிடைக்காம கஷ்டமா இருக்கா?” என்று தொடங்கியிருந்தால் இவரும் ‘ஆமாம்’ என்று சொல்லியிருப்பார், திட்டத்துக்கு ஆதரவாக ஒரு ஓட்டு விழுந்திருக்கும்.

மெஸ் நடத்துபவரிடம் கேட்டபோது அதன் மறுபக்கம் தெரிகிறது: “உப்பு கம்மியா கேக்கறவங்க தினமும் நாலு பேரு வராங்க சார். இன்னா பண்றது, அவங்களுக்குன்னு தனிப் பாத்திரம் வெச்சா நமக்குக் கட்டுப்படி ஆவாது.” ஏற்கெனவே இருக்கிற கடைகள் இதை ஏன் தீர்க்கவில்லை என்பதற்கு இது ஒரு காரணம் காட்டுகிறது. திட்டத்தைப் படிப்பவர் கட்டாயம் கேட்கிற கேள்வி அது. எண்ணிக்கையில் சேராவிட்டாலும் இந்த வாசகத்தைத் தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த மெஸ்காரருக்குக் கட்டுப்படியாகாதது உங்களுக்கு மட்டும் எப்படிக் கட்டும் என்று அடுத்த கேள்வி வரும். அதற்கான பதில் செலவுக் கணக்கில் இருக்க வேண்டும், பேட்டியில் கிடைக்காது.

சொன்னதில் எது கனமானது

பேட்டியில் வருகிற எல்லா வாசகத்துக்கும் ஒரே மதிப்பு இல்லை. “சாப்பாடு சரியில்லைங்க” என்பது கருத்து, அதற்கு மதிப்பு மிகக் குறைவு. “நேற்று மதியம் பிஸ்கட்தான்” என்பது நடந்த சம்பவம், அது கொஞ்சம் மேல். “இந்த வாரத்தில் இரண்டு முறை” என்றால் இன்னும் மேல். “நூறு ரூபாய் கொடுத்து சமைக்கச் சொன்னேன்” என்பதுதான் எல்லாவற்றையும்விடக் கனமானது. யாரும் எதையும் விற்க வராதபோதே, அவர் தன் கையிலிருந்து பணம் எடுத்து, அரைகுறையாகவாவது ஒரு வழியைத் தேடியிருக்கிறார். பணத்துக்குப் பதில் நேரமோ அலைச்சலோ கடனோ கொடுத்திருந்தாலும் அதே கனம்தான்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஒருவர் அரை மணி நேரம் புலம்பிவிட்டு, அதற்காக இதுவரை எதுவுமே செய்யவில்லை என்றால், அந்தப் பிரச்சினை அவருக்கு இருக்கலாம், ஆனால் தீர்க்கிற அளவுக்கு உறுத்தவில்லை. புலம்பலின் சத்தத்தை வைத்து எடை போடக்கூடாது. 15 பேரில் ஒருவர் மட்டும் ஆவேசமாகப் பேசியிருந்தால், ஒரு வாரம் கழித்து நமக்கு ஞாபகம் இருப்பது அவர் ஒருவர்தான். மற்ற 14 பேர் மறந்துபோவார்கள்.

அதனால்தான் குறிப்பு அன்றைக்கே, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதப்பட வேண்டும். கு7 பற்றிய பக்கம் இப்படி இருக்கலாம்: ‘தங்கியது 19 நாள். துணை 1 (மனைவி). சமையல் வசதி உண்டு. டெஸ்ட் நாளில் மதியம் தவறியது: இந்த வாரம் 1, தானாகச் சொன்னார். வழி: பக்கத்து அறைக்கு 100 ரூபாய், ஒரு முறை. வாசகம்: நான் அவரோட நின்னா யாரு சமைப்பா? ஊர்ச் சாப்பாடு: பிரச்சினை இல்லை.’ இதில் ‘தானாகச் சொன்னார்’ என்ற இரண்டு சொல்லை விட்டுவிடாதீர்கள். நாம் எடுத்துக்கொடுத்து வந்த பதிலையும், கேட்காமலே வந்த பதிலையும் பின்னால் தனித்தனியாக எண்ண வேண்டியிருக்கும். ‘கஷ்டப்படுகிறார், சேவை தேவை’ என்று எழுதினால் அது உங்கள் முடிவு, அவர் சொன்னது அல்ல.

எண்ணும்போது நடக்கும் ஒரு நுட்பமான தவறு

15 பேட்டியும் முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். முதலில் எழுதிய வரிக்குப் பொருந்தியவர்கள் 3 பேர்தான். முன்பே வைத்த அளவு 8, ஆகவே அந்த வரி போகிறது. ஆனால் துணைக்கு ஒருவர் மட்டுமே வந்திருந்த குடும்பங்கள் 6 இருந்தன, அதில் 5 பேர் பரிசோதனை நாளில் மதியச் சாப்பாடு தவறியதைத் தாங்களாகவே சொன்னார்கள். உடனே “6ல் 5 பேர்” என்று அறிக்கையில் எழுதிவிடத் தோன்றும்.

அங்கேதான் நிறுத்த வேண்டும். இந்தப் புதிய வரி அந்த 15 பேர் சொன்னதிலிருந்து பிறந்தது. அதே 15 பேரை வைத்து அதை நிரூபிப்பது, விடைத்தாளைப் பார்த்துக் கேள்வி எழுதுவதற்குச் சமம். எந்தப் பதினைந்து பேரை எடுத்தாலும், தேடிப் பார்த்தால் ஏதோ ஒரு சின்னக் கூட்டம் ஒரே மாதிரி பேசியிருக்கும். புது வரியை எழுதி, புது அளவு வைத்து, இதுவரை பேசாத புது ஆட்களிடம் போக வேண்டும்: ஒரு துணையோடு வந்து, ஒரு வாரத்துக்கு மேல் தங்கியிருக்கும் 12 குடும்பங்கள், அளவு 7. இந்தச் சுற்றில் 8 பேருக்கு அது நடந்திருக்கிறது, 4 பேர் அதற்காகப் பணம் கொடுத்திருக்கிறார்கள் என்றால், இப்போது கையில் இருப்பது சான்று.

அதை அறிக்கையில் சதவீதமாக எழுதாதீர்கள். 12ல் 8ஐ ‘67 சதவீதம்’ என்று போட்டால் ஆயிரம் பேரிடம் கேட்டதுபோல் ஒரு தோற்றம் வரும். கணக்குத் தெரிந்த வங்கி அதிகாரி அந்த இடத்திலேயே நம்பிக்கை இழப்பார். இப்படி எழுதினால் போதும்:

“முதலில், ஊர்ச் சாப்பாடு கிடைக்காததே பிரச்சினை என்று கருதினோம். ஒரு வாரத்துக்கு மேல் லாட்ஜில் தங்கியிருந்த 15 குடும்பங்களிடம் பேசியதில் 3 குடும்பங்களுக்கே அது பொருந்தியது. அந்தக் கருத்தைக் கைவிட்டோம். ஒரு துணையோடு மட்டும் வந்திருந்த வேறு 12 குடும்பங்களிடம் இரண்டாம் சுற்றில் பேசினோம். அவற்றில் 8 குடும்பங்களில், கடந்த 7 நாட்களில் பரிசோதனை நாள் ஒன்றிலாவது நோயாளிக்கு ஏற்ற மதியச் சாப்பாடு கிடைக்கவில்லை. 4 குடும்பங்கள் பக்கத்து அறையினருக்கோ வேறு ஒருவருக்கோ பணம் கொடுத்துச் சமைக்கச் செய்திருந்தன. பொருந்தாத 4 குடும்பங்களில் மூன்றில் நோயாளிக்கு உணவுக் கட்டுப்பாடு இல்லை; ஒன்றில் நோயாளியே சமைத்துக்கொண்டார். சமையல் வசதி உள்ள லாட்ஜ்களிலும் இல்லாதவற்றிலும் சமமாகப் பேசினோம். உறவினர் வீட்டிலோ வாடகை வீட்டிலோ தங்கியிருப்பவர்களிடம் பேசவில்லை.”

கைவிட்ட கருத்தையும், பொருந்தாத நால்வரையும், பேசாதவர்களையும் எழுதச் சிலர் தயங்குவார்கள், திட்டம் பலவீனமாகத் தெரியுமோ என்று. நடப்பது நேர்மாறு. மறுத்தவர்கள் ஏன் மறுத்தார்கள் என்பதிலிருந்துதான் உங்கள் வாடிக்கையாளர் யார் என்ற எல்லைக்கோடு கிடைக்கிறது: உணவுக் கட்டுப்பாடு இல்லாத குடும்பத்துக்கு இந்தச் சேவை வேண்டியதில்லை. எல்லோரும் ஆமாம் என்றதாக ஒரு அறிக்கை சொன்னால், கேள்வி எப்படிக் கேட்டார்கள் என்ற சந்தேகம்தான் முதலில் வரும்.

இந்தப் பத்தி எதைக் காட்டாது என்பதும் தெளிவாக இருக்கட்டும். இப்படிப்பட்ட குடும்பங்கள் வேலூரில் மொத்தம் எத்தனை என்பதை 27 பேட்டிகள் சொல்லமுடியாது; அதற்கு லாட்ஜ்களின் அறை எண்ணிக்கை, தங்கும் நாட்கள் என்று வேறு கணக்கு வேண்டும். ஒன்றுமே வராத இடத்திலும் அவசரப்பட்டு முடிவு கட்டக்கூடாது. குலுக்கல் முறையில் எடுத்த 12 பேரில் ஒருவருக்குக்கூட ஒரு பிரச்சினை இல்லை என்றாலும், அந்தக் கூட்டத்தில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வரை அது இருக்க இடமுண்டு. மூன்றைப் பேட்டி எண்ணிக்கையால் வகுத்தால் இந்த மேல் எல்லை உத்தேசமாகக் கிடைக்கும்.

விலையும் இதில் இல்லை. நூறு ரூபாய் கொடுத்தார் என்பது அவர் பக்கத்து அறைக்காரருக்குக் கொடுத்தது. முன்பின் தெரியாத ஒரு கடைக்கும் அதையே கொடுப்பார் என்று அர்த்தமில்லை. அதைப் பார்க்க, இரண்டாம் சுற்றில் ‘நடந்தது’ என்று சொன்ன 8 பேரிடம் திரும்பப் போய், இப்போது முதல்முறையாகத் திட்டத்தைச் சொல்லி, அடுத்த பரிசோதனை நாளுக்கான மதியச் சாப்பாட்டுக்கு விலை கூறி, முன்பணம் கேளுங்கள். உப்பு அளவை உணவியல் நிபுணர் ஒருவரிடம் கேட்டு முடிவு செய்துகொண்டு, உணவுப் பாதுகாப்புப் பதிவையும் எடுத்தபிறகே இதற்குப் போக வேண்டும், சாப்பிடப்போவது நோயாளி. எத்தனை பேர் பணத்தை எடுத்து நீட்டினார்கள் என்பதைப் பேட்டிக் கணக்கோடு கலக்காமல், விலை பற்றிய பகுதியில் தனியாக எழுதுங்கள்.